நஞ்சு கீழே இறங்கவில்லை: ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘லோ லையிங்’ என்று வந்தால்

"நஞ்சு கீழ இறங்கிருச்சாம் மிஸ். கொழுந்துக் கூடை தூக்கினதாலதான்னு மாமி சொல்றாங்க."

பேறுகால வார்ட்டில் தாதியாக வேலை செய்யும் எனக்கு இந்தப் பேச்சு பழகிப்போன ஒன்று. அன்றைக்கு இதைச் சொன்ன பிள்ளையைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். இரண்டாவது பிரசவம், முதல் குழந்தை சுகப்பிரசவம். கையில் நாலாக மடித்த ஸ்கேன் ரிப்போர்ட். அதில் இங்கிலீஷில் ஒரு வரி: பிளசென்டா போஸ்டீரியர், லோ லையிங். டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த யாரோ அதைத் தமிழில், "நஞ்சு கீழே இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். லயத்துக்குப் போவதற்குள் ‘இருக்கு’ ‘இறங்கிருச்சு’ ஆகிவிட்டது.

நம் பாட்டிமார் நஞ்சு என்றும் நச்சுக்கொடி என்றும் சொல்வதும், பாடப் புத்தகம் சூல்வித்தகம் என்பதும், ரிப்போர்ட் பிளசென்டா என்பதும் ஒன்றுதான். தாயின் இரத்தத்திலிருந்து ஒட்சிசனையும் உணவையும் எடுத்துத் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குக் கொடுக்கிற, தட்டு மாதிரியான உறுப்பு அது. பேரில்தான் விஷம், வேலையில் இல்லை. இளம் பிள்ளைகள் சிலர் வயிற்றுக்குள் விஷம் இறங்கிவிட்டதாகவே பயந்து வருகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் நச்சுக்கொடி என்றே எழுதுகிறேன்.

செல்வியின் ரிப்போர்ட்டை வாசிப்பதற்கு முன் அவளுடைய முதல் ஸ்கேனைப் பார்க்க வேண்டும். லோ லையிங் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை, அது எத்தனையாவது வாரத்தில் எழுதப்பட்டது என்பதுதான் தீர்மானிக்கிறது. அந்த வாரக்கணக்கு முதல் ஸ்கேனிலிருந்து வருகிறது.

முதல் ஸ்கேன் 11 வாரம் முடிந்து 14 வாரம் தொடங்குவதற்குள் எடுப்பது. குழந்தை கருப்பையில்தான் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, ஒன்றா இரட்டையா என்பதை அதில் பார்ப்பார்கள். இரட்டை என்றால் இரண்டுக்கும் ஒரே நச்சுக்கொடியா, தனித்தனியா என்பது தெளிவாகத் தெரியும் காலமும் இதுதான். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர்ப்படலத்தின் தடிப்பையும் சில இடங்களில் அளப்பார்கள். ஆனால் முக்கியமான வேலை, உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை நீளத்தை அளப்பது. ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று இருக்கும். இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், நீளத்தைக் கொண்டு வயதை ஐந்தாறு நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம். பிற்காலத்தில் ஒரு குழந்தை குண்டாகவும் இன்னொன்று சிறிதாகவும் வளர்வதால் அப்போது எடுக்கும் அளவு வயதைச் சொல்ல உதவாது.

செல்வி தன் கடைசி மாதவிடாய்த் திகதியை "பொங்கலுக்கு முந்தின கிழமை" என்று சொல்லியிருந்தாள். அந்தக் கணக்குப்படி முதல் ஸ்கேன் நாளில் 14 வாரம். ஸ்கேனில் சி.ஆர்.எல். 54 மி.மீ. வந்தது. அது 12 வாரக் குழந்தையின் நீளம். ஆக அவளுடைய பிரசவத் திகதி இரண்டு வாரம் தள்ளிப்போனது. கிளினிக் அட்டையில் பழைய திகதியை வெட்டிவிட்டுப் புதியதை எழுதியிருந்தார்கள். இந்தத் திருத்தத்தைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். முதல் ஸ்கேன் எடுக்காமல் ஐந்தாம் மாதம் வந்து நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு கடைசிவரை மங்கலாகவே இருக்கும்.

இரண்டாவது ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. மூளை, மேலுதடு, முதுகெலும்பு, இதயத்தின் நாலு அறைகள், வயிற்றுச் சுவர், சிறுநீரகம், கைகால் எல்லாம் வரிசையாக வரும். குழந்தை குப்புறப் படுத்திருந்தால் முகம் தெரியாது, கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதில் எல்லாக் குறையும் அகப்படும் என்றும் இல்லை. சில இதயக் குறைகள் தப்பிவிடும், சில குறைகள் பிறகுதான் தோன்றும். காது கேட்குமா, நன்றாகப் படிக்குமா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை எழுதுவதும் இந்த ஸ்கேனில்தான்.

கடைசி மூன்று மாதத்தில் எடுப்பது வளர்ச்சி ஸ்கேன். தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் மூன்றையும் கொண்டு நிறையைக் கணிப்பார்கள். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கூடக்குறைய இருக்கலாம். அதாவது 3 கிலோ என்று வந்தால் இரண்டரையோடும் பிறக்கலாம், மூன்றரையோடும் பிறக்கலாம். பனிநீர் எவ்வளவு, தலை கீழே இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

சரி, இனி செல்வியின் இரண்டாவது ரிப்போர்ட்.

கருப்பையைக் கவிழ்த்து வைத்த ஒரு பை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பையின் வாய் கீழே. அந்த வாய்தான் கருப்பைக் கழுத்து. அதன் உள்முனையை உள்வாய் என்போம், ரிப்போர்ட்டில் ஓ.எஸ். என்று வரும். பிரசவத்தின்போது குழந்தை வெளியே வரும் வழி அது. நச்சுக்கொடி இந்தப் பையின் உட்சுவரில் எங்கேயாவது ஒட்டியிருக்கும். அதன் விளிம்புக்கும் உள்வாய்க்கும் இடையே 20 மி.மீ.க்கும் குறைவான இடைவெளி இருந்தால் லோ லையிங். விளிம்பு உள்வாயை மூடிவிட்டால் பிளசென்டா பிரீவியா. முன்பெல்லாம் ஒன்று முதல் நாலு வரை கிரேட் போடுவார்கள், சில ரிப்போர்ட்டில் இப்போதும் வருகிறது. இன்றைய வழிகாட்டல்கள் கிரேட்டை விட்டுவிட்டு மில்லிமீட்டரைத்தான் கேட்கின்றன. இந்தப் பெயர்களுக்கும் 16 வாரத்துக்குப் பிறகுதான் மதிப்பு. 12 வார ஸ்கேனில் லோ லையிங் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் மாமியார் சொன்னதற்குப் பதில். நச்சுக்கொடி எங்கிருந்தும் இறங்கி வரவில்லை. கரு முதன்முதலில் சுவரில் ஒட்டிய இடத்திலேயே அது வளர்ந்தது. செல்விக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே அந்த இடம் முடிவாகிவிட்டது. கூடை தூக்கியதாலோ, படி ஏறியதாலோ, லொறியில் குலுங்கியதாலோ அது கீழே வராது. அதேபோல, லயத்துக் காம்பராவில் கால்களை உயர்த்தி மாதக்கணக்கில் படுத்திருந்தாலும் அது மேலே போகாது. இரத்தப்போக்கு எதுவும் இல்லாமல், 20 வாரத்தில் லோ லையிங் என்று மட்டும் வந்தவர்களை முழு நேரமும் படுக்க வைப்பதால் பயன் கிடையாது. கால் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறையும் ஆபத்துதான் கூடும். கனத்த சுமை தூக்குவதைப் பற்றி டொக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம்.

ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நச்சுக்கொடி பிறகு "மேலே போய்விட்டது" என்று ரிப்போர்ட் வருகிறதே? உண்மையில் நடப்பது வேறு. ரொட்டி தட்டும்போது மாவு உருண்டையின் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சில்லு ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஓரத்தை மட்டும் விரலால் அழுத்தி அழுத்தி விரித்தால் சில்லு இருந்த இடத்திலேயே இருக்கும், ஓரம் தள்ளிப் போகும். கருப்பையின் அடிப்பகுதி இப்படித்தான் விரிகிறது. 20 வாரத்தில் அரை சென்ரிமீட்டர் அளவே இருக்கும் அந்தப் பகுதி, பிரசவ காலத்தில் ஐந்து சென்ரிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். அதோடு, இரத்த ஓட்டம் குறைந்த அடிப்பக்கத்தில் நச்சுக்கொடியின் விளிம்பு சுருங்கி, இரத்தம் நிறைந்த மேல்பக்கத்தில் படர்கிறது. 20 வார ஸ்கேனில் லோ லையிங் என்று வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்கு முன் அது விலகிவிடுவது இதனால்தான். விலகாமல் நின்று பிரீவியாவாக முடிவது ஏறத்தாழ 200 பிரசவத்துக்கு ஒன்று.

எல்லோருக்கும் ஒரே மாதிரி விலகாது. விளிம்பு உள்வாயைத் தாண்டி நன்றாக மறுபக்கம் வரை மூடியிருந்தால் வாய்ப்புக் குறைவு. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கும், ரிப்போர்ட்டில் போஸ்டீரியர் என்று வருகிற மாதிரி நச்சுக்கொடி பின்சுவரில் இருப்பவர்களுக்கும் குறைவு.

இப்போது செல்வியின் ரிப்போர்ட்டில் என்ன குறை என்று தெரிகிறதா? எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதவில்லை. இது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. லோ லையிங் என்று எழுத நேரம் இருப்பவருக்கு ஓர் எண்ணை எழுத நேரம் இல்லை. அந்த எண் இல்லாவிட்டால் அடுத்த ஸ்கேனில் எதோடு ஒப்பிடுவது? ஸ்கேன் பார்த்த டொக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்கச் சொன்னேன். அளவு குறிப்பில் இருந்தது: 12 மி.மீ. வாரம் 20, பின்சுவர், முன்பு சிசேரியன் இல்லை. வாரம், மில்லிமீட்டர், முன்சுவரா பின்சுவரா, பழைய சிசேரியன் உண்டா, இந்த நாலும் தெரிந்தால் ரிப்போர்ட்டைப் புரிந்துகொண்ட மாதிரிதான்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். "ஸ்கேனுக்கு முன்னால தண்ணி நிறையக் குடிச்சியா?" இரண்டு போத்தல் குடித்துவிட்டு ஒரு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது கருப்பையின் அடிப்பகுதியை முன்னாலிருந்து அழுத்தும். முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிப்போய், கழுத்து நீண்டுவிட்ட மாதிரியும் நச்சுக்கொடி வாயருகே இருக்கிற மாதிரியும் திரையில் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கருப்பை கொஞ்சம் இறுகினாலும் இதே ஏமாற்றுத்தான். சிறுநீர் கழித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாலே சிலருக்கு லோ லையிங் காணாமல் போய்விடும். நச்சுக்கொடி பின்சுவரில் இருந்தால் குழந்தையின் தலை நடுவே நின்று மறைத்துக்கொள்வதும் உண்டு. வயிற்றுக்கு மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இந்த விஷயத்தில் முதல் சல்லடை மட்டும்தான்.

சரியான அளவு பிறப்புவழி ஸ்கேனில் கிடைக்கும். நம் பெண்கள் அதிகம் மறுப்பது இதைத்தான். கூச்சம் ஒரு பக்கம். "உள்ளுக்கு விட்டா இரத்தம் போகாதா மிஸ்?" என்ற பயம் இன்னொரு பக்கம். நியாயமான கேள்விதான், ஏனென்றால் நச்சுக்கொடி கீழே இருப்பவர்களுக்கு விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது என்று நாங்களே சொல்கிறோம். வித்தியாசம் இதுதான். விரல் கழுத்தின் துளைக்குள்ளேயே போய் நச்சுக்கொடியைத் தொட்டுவிடலாம். ஸ்கேன் கருவியோ இரண்டு விரல் தடிப்பு இருக்கும், துளைக்குள் நுழையாது. உறை போட்டு, ஜெல் தடவி, திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வைப்பார்கள். கழுத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட்டு அங்கிருந்து பார்ப்பார்கள். இரத்தம் போனவர்களுக்கும் இது பாதுகாப்பானது என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். சிறுநீர்ப்பை வெறுமையாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெண் நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

அடுத்த ஸ்கேன் 32 வாரத்தில். செல்வி பழைய மாதவிடாய்க் கணக்கில் போயிருந்தால் 30 வாரத்திலேயே போய் நின்றிருப்பாள். அடிப்பகுதி வேகமாக விரியும் காலம் அது, இரண்டு வாரமும் கணக்குத்தான். கிளினிக் அட்டையில் திருத்திய திகதிப்படி போனாள். பிறப்புவழி ஸ்கேனில் விளிம்பு உள்வாயிலிருந்து 31 மி.மீ. 20ஐத் தாண்டிவிட்டதால் விஷயம் முடிந்தது. விளிம்பு விலகிய இடத்தில் குழந்தையின் இரத்தக்குழாய் எதுவும் வாய்க்குக் குறுக்கே ஓடுகிறதா என்று கலர் டொப்ளரில் ஒருமுறை பார்த்தார்கள். அரிதாக அப்படி இருக்கும், இருந்தால் பனிக்குடம் உடையும்போது குழந்தைக்கு ஆபத்து. செல்விக்கு இல்லை. இரண்டாவதும் சுகப்பிரசவம். வெளியே காத்திருந்த மாமியார் குழந்தையைப் பார்ப்பதற்கு முன் கேட்டது, "நஞ்சு முழுசா விழுந்துச்சா?"

விலகாதவர்களின் கதை இனி. 32 வாரத்திலும் 20 மி.மீ.க்குள் இருந்தாலோ மூடியிருந்தாலோ 36 வாரம் அளவில் மறுபடி பிறப்புவழி ஸ்கேன். அந்த நாலு வாரத்திலும் சிலருக்கு விலகும். 36இல் உள்வாயை மூடியிருந்தால் சிசேரியன்தான், வேறு வழி இல்லை. கதவுக்கு முன்னால் நச்சுக்கொடி இருக்கும்போது கதவு திறந்தால் முதலில் கிழிவது அதுதான். இரத்தம் எதுவும் போகாதவர்களுக்கு 36 முதல் 37 வாரத்துக்குள் திகதி குறிப்பார்கள், இடையில் இரத்தம் போனவர்களுக்கு அதற்கும் முன்னதாக. மூடாமல் 20க்குள் நிற்பவர்களுக்கு ஒரே விடை கிடையாது. 15 மி.மீ. இருந்து, இரத்தம் போகாமல், தலையும் இறங்கியிருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலும் வைத்திய நிபுணர்கள் உண்டு. 5 மி.மீ. என்றால் பெரும்பாலும் மாட்டார்கள்.

முன்பு சிசேரியன் ஆகி, இப்போது நச்சுக்கொடி முன்சுவரில் தாழ்வாக இருந்தால் அதைச் செல்வியின் கதையோடு சேர்க்காதீர்கள். பழைய தழும்புக்குள் நச்சுக்கொடி வேர்விட்டு, பிரசவத்தில் பிரியாமல் நிற்கலாம். ஒரு சிசேரியன் ஆனவருக்குப் பிரீவியாவும் இருந்தால் அந்த ஆபத்து நூற்றுக்கு 11 அளவில், இரண்டு ஆனவருக்கு 40 அளவில். அனுபவமுள்ள ஒருவர் தழும்பைக் குறிப்பாகப் பார்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். அதனால் பழைய சிசேரியனை ஸ்கேன் அறையில் நீங்களாகவே சொல்லுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் நடந்தது அங்கிருப்பவருக்குத் தெரியாமல் போகலாம்.

இரத்தப்போக்கைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நச்சுக்கொடியால் வரும் இரத்தம் நல்ல சிவப்பாக, பெரும்பாலும் வலியே இல்லாமல், தூங்கும்போதுகூட வரும். வலி இல்லாததால்தான் ஆபத்து. "வலி வரட்டும் பார்ப்போம்" என்று விடியும்வரை இருந்துவிடுகிறார்கள். முதல் தடவை கொஞ்சமாக வந்து தானாக நின்றும் போகும், அடுத்த தடவை அப்படி இருக்கும் என்று இல்லை. நின்றுவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஊசி ஒன்றும் போட வேண்டியிருக்கும். இரத்தச்சோகை உள்ளவர்கள் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். சாயம் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும், ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். போகப்போகும் இரத்தத்தை முன்கூட்டியே சேர்த்து வைப்பது இப்படித்தான்.

மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட முடியாது. லயத்திலிருந்து பாதைக்கு இறங்க எவ்வளவு நேரம், பனிமூட்டத்தில் வண்டி எவ்வளவு நேரம், மழைக்கு மண் சரிந்தால் வேறு வழி உண்டா என்பதுதான் கணக்கு. தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நேரத்தை விடாதீர்கள். சிசேரியன் செய்யவும் இரத்தம் ஏற்றவும் வசதி உள்ள இடம் வேண்டும்: டிக்கோயா, நாவலப்பிட்டி, நுவரெலியா, பதுளை என்று உங்களுக்கு எது கிட்டவோ அது. 32 வாரத்துக்குப் பிறகும் விலகாதவர்கள் டவுனில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே வந்து தங்குவதையும், முன்கூட்டியே வார்ட்டில் சேர்வதையும் பற்றி வைத்திய நிபுணரிடம் பேசி வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்தில் எந்த மூலையில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதை வீட்டுக்காரர் பகலிலேயே பார்த்து வைக்கட்டும்.

வார்ட் வாசலில் யார் முதலில் எதிர்ப்பட்டாலும் கிளினிக் அட்டையையும் கடைசி ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையில் கொடுத்துவிட்டு, பெயர் சொல்வதற்கும் முன்னால் சொல்லுங்கள்: "பிளசென்டா லோ லையிங். இரத்தம் போகுது. உள்ளுக்கு விரல் விட்டுப் பார்க்க வேணாம்." சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தாலும் முதல் மூன்று சொல் அப்படியே போதும், அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும்.